P-யா p-யா? கையெழுத்துப் புன்னெட் கட்டத்தைத் திருத்திய அனுபவம்

பெற்றோர் செடிகளின் ஜீன் எழுத்துகளை ஓரங்களில் எழுதி, வாரிசுகளைக் கணிப்பதுதான் புன்னெட் கட்டம். மகள் நோட்டில் பட்டாணிப் பூ நிறத்துக்கு அப்படி ஒன்று போட்டிருந்தாள். கீழே ஜீன் இணைகளைச் சொல்லும் ஜீனாக்க விகிதம் 1:2:1, பூ நிறத்தைச் சொல்லும் புறத்தோற்ற விகிதம் 3:1. பார்த்துப் பழகிய எண்கள் என்பதால் சரி என்று டிக் போட்டுவிட்டேன். அப்புறம்தான் கேள்வியைப் படித்தேன்: கலப்பு ஊதாப் பூச் செடியை வெள்ளைப் பூச் செடியோடு கலக்க வேண்டும்.

ஊதாவுக்கு P, வெள்ளைக்கு p; கலப்பு ஊதாச் செடி Pp. வெள்ளை ஒடுங்கு பண்பு, இரண்டு எழுத்தும் p ஆக இருந்தால்தான் வெளிப்படும். அதனால் வெள்ளைச் செடி pp ஆக மட்டுமே இருக்க முடியும். ஆனால் பக்கவாட்டில் அவள் எழுதியிருந்த இரண்டு எழுத்துகளில் மேலே இருந்தது பெரிய P மாதிரியே தெரிந்தது. கோடு போட்ட தாளில் பெரிய P கோட்டின் மேல் நிற்கும், சிறிய p-யின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கும். இவளுடைய எழுத்தின் கால் இறங்கித்தான் இருந்தது. எழுதும்போது சரியாக எழுதிவிட்டு, நிரப்பும்போது அவளே தவறாகப் படித்திருக்கிறாள்.

உள்கட்டங்களை நம்பாமல், ஓரத்து எழுத்துகளை மட்டும் வைத்து மறுபடி நிரப்பினோம்:

```
     P    p
p    Pp   pp
p    Pp   pp
```

Pp இரண்டு, pp இரண்டு. PP வரவே வழியில்லை. ஆக ஜீனாக்கம் 1:1, புறத்தோற்றமும் ஊதா, வெள்ளை 1:1. அவள் எழுதிய 1:2:1, 3:1 இரண்டும் Pp × Pp கலப்புக்கு உரியவை.

இப்போது அவள் சிறிய p-யின் காலை நன்றாக நீட்டி எழுதுகிறாள். நானும் பெற்றோரின் ஜீனாக்கத்தைக் கேள்வியிலிருந்து எடுத்து எழுதிய பிறகே கட்டத்தைப் பார்க்கிறேன்.