கிழிந்த நோட்டின் மறுபாதியைத் தூக்கிப் போடாதீர்கள்

500 ரூபாய் நோட்டு இரண்டாகக் கிழிந்தால் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்குப் போங்கள், அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், கையில் இருக்கும் பெரிய துண்டு மொத்தப் பரப்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் முழுத்தொகை. 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. அதாவது 60 சதவீதத் துண்டை மட்டும் நீட்டினால் 250 ரூபாய்தான், மிச்சமிருக்கும் 40 சதவீதத் துண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முழு 500. அப்புறம், 20 ரூபாய் வரையிலான நோட்டுக்குப் பாதித்தொகை என்ற பேச்சே இல்லை, பாதிக்கு மேல் இருந்தால் முழுசு, இல்லாவிட்டால் பூஜ்யம்.

இரண்டு வேறு நோட்டுகளின் துண்டுகளை ஒட்டிக் கொண்டுபோனால் எண்ணிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வேண்டுமென்றே வெட்டியதாகத் தெரிந்தாலும் மறுப்பார்கள். கருகியது, தொட்டால் உதிர்வது எல்லாம் கிளையில் ஆகாது, ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.