பேச்சு விட்டுப்போன சித்தப்பா வாசலில் ‘வாப்பா’ என்றபோது

நிலப் பங்கீட்டில் பேச்சு விட்டுப்போன சித்தப்பாவின் வரவேற்புக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. நிச்சயதார்த்தத்தன்று தலையை மட்டும் அசைத்தேன். அதுவே உறவுக்குள் பேச்சாகிவிட்டது. காதுகுத்தில் கைப்பேசியில் பேசுவதுபோல் கடந்தேன். ஆனால் பந்தியில் இருவரும் எதிரெதிரே அமர நேர்ந்தது.

திருமணத்தன்று மண்டப வாசலில் அவர் “வாப்பா” என்றதும், “வர்றேன் சித்தப்பா, சித்திக்கு முழங்கால் வலி தேவலையா?” என்றேன். உறவுமுறையை வாய்விட்டுச் சொன்னதும் அவருடைய முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தால், “ஏதோ உங்கள் புண்ணியத்தில்” என்று குத்தலாகப் பதில் வர இடமுண்டு, மூன்றாமவரின் உடல்நலத்தைக் கேட்டால் அதற்கு வழியில்லை.

“பரவாயில்லை, உள்ளேதான் இருக்கிறாள்” என்றார். “பார்த்துவிட்டு வருகிறேன்” என்று நகர்ந்ததால் நிலப் பேச்சு எழவில்லை. சொன்னபடியே சித்தியின் அருகில் சிறிது நேரம் அமர்ந்தேன். அதைச் செய்யாவிட்டால் கேட்டது வெறும் சாக்கு என்று அன்றே தெரிந்துவிடும்.