மூன்று வேலைகள் போக, மீதிக்கு ஒரு முடிவு

தினமும் காலையில் பட்டியலிலிருந்து அன்று முடிக்க வேண்டிய மூன்று முக்கிய வேலைகளைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சுலபமாகவே வந்தது. மீதியை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அதே தாளில் கீழே எழுதிவைத்தால் கண் அங்கேயே போகும். கை சில்லறை வேலைகளை முடிக்கும். முக்கியமானது மாலைவரை கிடக்கும்.

இப்போது மூன்றை மட்டும் தனிச் சீட்டில் எழுதுகிறேன். மீதி ஒவ்வொன்றையும் நாட்காட்டியில் ஒரு தேதிக்கு மாற்றுகிறேன், அல்லது வேறொருவரிடம் ஒப்படைக்கிறேன், அல்லது அடித்துவிடுகிறேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பிரிவே கிடையாது.

ஒரு திங்கட்கிழமை ‘ஆண்டறிக்கை’, ‘பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துதல்’ இரண்டும் பட்டியலில் இருந்தன. அறிக்கை ஒரே நாளில் முடியாது என்பதால் ‘வரவுசெலவுப் பகுதியை எழுதி அனுப்புதல்’ என்று சுருக்கினேன். அது மூன்றில் ஒன்றானது. கோப்பு வேலையை வெள்ளிக்கு மாற்றினேன். வெள்ளியன்று மறுபடி தள்ளத் தோன்றியபோது, செய்யாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் இல்லை. அடித்துவிட்டேன். இரண்டு முறை தள்ளிப்போகும் எதையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்துகிறேன். நஷ்டம் உண்டு என்றால் அது மறுநாள் மூன்றில் முதலாவதாகும்.

நடுவில் அவசர வேலை வந்தால், மூன்றில் ஒன்றை எடுத்துத் தேதி போட்டுவிட்டுத்தான் அதைச் சேர்ப்பேன். நாள் முழுக்கக் கூட்டங்கள் இருந்தால் மூன்றும் அதிகம். அன்று ஒன்றே ஒன்றுதான்.