ஆரையடா சொன்னாய்? ஒரு விடுகதைப் பாட்டை அவிழ்க்கும் முறை

கம்பர் ஔவையாரைப் பார்த்து, "ஒரு காலில் நாலிலைப் பந்தலடி" என்று விடுகதை போட்டாராம். 'அடி' என்று அழைத்ததில் ஔவைக்குக் கோபம். விடையையும் சொல்லி, 'அடா' போட்டுத் திட்டியும் தீர்த்தாராம். இது செவிவழிக் கதைதான். ஆனால் விடுகதைப் பாட்டை அவிழ்க்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தப் பாட்டைத்தான்.

எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே - முட்டமேற்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னா யடா

(கடைசிச் சொல் 'யது' என்றும் வழங்குகிறது. பொருள் மாறாது.)

முதலில், துண்டு போடுங்கள். பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். லட்சணமே, பரியே, வாகனமே, வீடே, தூதுவனே என ஐந்து இடங்களில் 'ஏ' வந்து நிற்கிறது. ஐந்தும் விளி, அதாவது எதிரே நிற்பவரைக் கூப்பிடும் சொல். ஆகவே ஐந்து குறிப்புகள். கடைசி அடி மட்டும் தனி ரகம், அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அடுத்து, எளிதானதிலிருந்து தொடங்குங்கள். வரிசைப்படி போனால் முதல் குறிப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எமன் ஏறுவது எருமை. பரி என்றால் குதிரைதான், ஆனால் இங்கே ஏறிப்போகும் வாகனம் என்ற அளவில் நிற்கிறது. ராமனின் தூதுவன் அனுமன், அதாவது குரங்கு. மேலே முழுக்கக் கூரையில்லாத வீடு குட்டிச்சுவர்.

எருமை, குரங்கு, குட்டிச்சுவர். மூன்றும் நம் ஊர் வசவுகள். ஆக, பாட்டு ஒருவரைத் திட்டுகிறது. இந்தத் தொனி பிடிபட்டுவிட்டால் மற்றக் குறிப்புகளை அதை வைத்தே சரிபார்க்கலாம்.

பெரியம்மையை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் அம்மை நோய் என்று நினைத்து, அங்கிருந்து மாரியம்மனுக்குப் போய், வாகனம் சிங்கம் என்று முடிப்பார்கள். தனியாகப் பார்த்தால் பொருத்தம்போலத்தான் தெரியும். ஆனால் ஒருவரைச் சிங்கமே என்று கூப்பிட்டால் அது புகழ்ச்சி. வசவுகளுக்கு நடுவே புகழ்ச்சி வந்து நின்றால் வழி தப்பிவிட்டோம் என்று அர்த்தம். பெரியம்மை என்றால் அம்மாவின் அக்காளும்தானே? திருமகளுக்கு மூத்தவள் மூதேவி. அவள் வாகனம் கழுதை. சரி, வரிசையில் வந்துவிட்டது.

இப்போது எட்டேகாலுக்கு வரலாம். படம் எதுவும் மனதில் எழாமல், ஓர் எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதைப் பழைய தமிழ்க் கணக்கில் எழுதிப் பாருங்கள். எட்டுக்கு உரிய குறி 'அ' போல இருக்கும். கால் என்ற பின்னத்துக்கு உரிய குறி 'வ'. இரண்டையும் சேர்த்து லட்சணத்தின் முன்னால் வையுங்கள்: அவலட்சணமே! இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. விடுகதையில் 'கால்' என்று வந்தது பந்தலைத் தாங்கும் கால். பதிலில் வரும் 'கால்' நான்கில் ஒரு பங்கு. ஒரே சொல்லை வாங்கி வேறு பொருளில் திருப்பிக் கொடுக்கிறது பாட்டு. அதனால் ஒரு சொல்லுக்கு ஓரிடத்தில் கண்ட பொருளை அடுத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசி அடி. "ஆரையடா சொன்னாய்?" என்பது காதுக்கு "யாரைடா சொன்னாய்?" என்ற அதட்டல். ஆர் என்றால் யார். ஆனால் விடுகதைக்கான விடை இதுவரை எங்கும் வரவில்லையே? அப்படியானால் மிச்சமிருக்கும் இந்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். ஆரை + அடா என்று பிரியுங்கள். நீ சொன்னது ஆரைக்கீரையடா! மறைந்திருந்த பொருள் இதுதான்.

விடையைக் கேள்வியோடு ஒட்டிப் பாருங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. ஆரை என்று முடியும் கீரை இன்னொன்றும் உண்டு, புளியாரை. ஆனால் அதன் காம்பில் இருப்பவை மூன்று சிற்றிலைகள், கேள்வி கேட்பதோ நான்கு. குளத்தோரத்திலும் நெல் வயலிலும் வளரும் ஆரைக்கீரையை, அதாவது நீராரையைப் பறித்துப் பாருங்கள். கம்பிபோல் மெல்லிய ஒற்றைக் காம்பு, அதன் உச்சியில் கூட்டல் குறிபோல நான்கு சிற்றிலைகள் தட்டையாக விரிந்திருக்கும். ஒரு கால், நாலு இலை, மேலே பந்தல். பகலில் போய்ப் பாருங்கள். இருட்டினால் அந்த நான்கும் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், பந்தல் தெரியாது.