புத்தகத்தை மூடிவிட்டு ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்: தேர்வுக்கு முன் உங்கள் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி

பாடத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தேர்வில் "ஏன்?" என்று ஒரு கேள்வி வந்தால் பேனா நின்றுவிடும். 2002-ல் ரோசன்பிளிட், கெய்ல் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஜிப், பூட்டு போன்ற பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு புரியும் என்று பங்கேற்றவர்களை முதலில் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பலர் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அந்த அனுபவத்தைத் தேர்வுக்கு முன்பே, வீட்டிலேயே வரவழைப்பதுதான் இந்த முறை.

ஒரே ஒரு பாடத்தை வைத்து முழுவதும் செய்து பார்ப்போம்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"உள்ளுறை வெப்பம்" என்று தாளின் மேல் எழுதினால் வரையறையை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். "கொதிக்கும் நீருக்கு இன்னும் வெப்பம் கொடுத்தாலும் வெப்பநிலை ஏன் 100 டிகிரியிலேயே நிற்கிறது?" என்று எழுதுங்கள். "ஏன்" அல்லது "எப்படி" இருந்தால் போதும்.

படி 2: பத்து நிமிடம், பேசுவது போல எழுதுங்கள்

புத்தகத்தை மூடி வையுங்கள். எதிரே பன்னிரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். தெரியாத இடம் வந்தால் நிற்க வேண்டாம், ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். நான் முதல் முறை எழுதியது இது:

"நீரை அடுப்பில் வைத்தால் வெப்பநிலை ஏறும். 100 டிகிரி வந்ததும் கொதிக்கும். அதன்பின் வெப்பநிலை ஏறாது. ஏனென்றால் கொடுக்கும் வெப்பம் எல்லாம் உள்ளுறை வெப்பமாகப் போய்விடுகிறது. அதனால்தான் நீர் ஆவியாகிறது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. ஆனால் இதில் விளக்கமே கிடையாது. அதை அடுத்த படி காட்டும்.

படி 3: இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான், அவசரப்பட வேண்டாம். "ஏனென்றால்", "அதனால்", "எனவே" ஆகிய சொற்களை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் இவற்றை ஒட்டியே இருக்கும். அந்த வாக்கியத்தில் கலைச்சொல் இருந்தால், அதை எடுத்துவிட்டு அதன் வரையறையை அதே இடத்தில் வையுங்கள்.

உள்ளுறை வெப்பம் என்பது, வெப்பநிலை மாறாமல் நிலை மட்டும் மாறும்போது ஒரு பொருள் உட்கொள்ளும் வெப்பம். அதை என் வாக்கியத்தில் வைத்தால் இப்படி வருகிறது: "வெப்பநிலை ஏறாது. ஏனென்றால் கொடுக்கும் வெப்பம் எல்லாம் வெப்பநிலை மாறாமல் உட்கொள்ளப்படும் வெப்பமாகப் போய்விடுகிறது."

ஏறாது, ஏனென்றால் ஏறாது! காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கிறது. பெயர் பழகிவிட்டதால் புரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொண்டது. மற்ற பாடங்களிலும் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே பாதி ஓட்டைகள் வெளியே வந்துவிடும்.

படி 4: பிள்ளை கேட்கும் கேள்விகளை எழுதுங்கள்

வட்டமிட்ட ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பிள்ளை என்ன கேட்கும் என்று யோசியுங்கள். எனக்கு வந்தவை மூன்று. அந்த வெப்பம் எங்கே போகிறது? அடுப்பைக் கூட்டினால் 100-ஐத் தாண்டுமா? 100 டிகிரி வராமலே ஈரத்துணி காய்கிறதே, அது எப்படி?

இப்போதுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும், அதுவும் இந்த மூன்று கேள்விகளுக்கு மட்டும். பாடத்தை முதலிலிருந்து படித்தால் மறுபடியும் அந்தப் பொய்யான நிம்மதிதான் வரும். விடை கிடைத்ததும் மூடிவிட்டு, உடைந்த பகுதியை மட்டும் திரும்ப எழுதுங்கள். என் இரண்டாவது முயற்சி:

"நீரில் உள்ள மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. வெப்பநிலை என்பது அந்த அசைவு சராசரியாக எவ்வளவு வேகமானது என்பதன் அளவு. அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தும் வைத்திருக்கின்றன. கொதிக்கும்போது வரும் வெப்பம் அசைவைக் கூட்டுவதில்லை, அந்தப் பிடியிலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கச் செலவாகிறது. சராசரி வேகம் கூடவில்லை, அதனால் வெப்பநிலையும் ஏறவில்லை. அடுப்பைக் கூட்டினால் நீர் வேகமாக ஆவியாகும், சூடு கூடாது. ஈரத்துணியில் நடப்பது மேற்பரப்பில் மட்டும் நடக்கும் ஆவியாதல். அங்கே மற்றவற்றைவிட வேகமாக அசையும் சில மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையிலும் தப்பிப் போகும். கொதிப்பதென்றால் நீருக்குள்ளேயே ஆவிக் குமிழி உருவாக வேண்டும். அதற்கு ஆவியின் அழுத்தம் வெளியே உள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வேண்டும்."

இப்போது "அதனால்" வரும் இடத்தில் வரையறையை வைத்துப் பாருங்கள், வாக்கியம் சுற்றி வரவில்லை.

படி 5: எழுதாத ஒரு கேள்விக்கு விடை சொல்ல வையுங்கள்

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. தெரியாததை அது காட்டிக்கொடுக்கும். தவறாகத் தெரிந்துவைத்திருப்பதை அது காட்டாது, ஏனென்றால் தவறான விளக்கமும் சரளமாகவே ஓடும். அதனால் எண்ணோடு மோதும் ஒரு கேள்வி தேவை.

100 டிகிரி நீராவி, 100 டிகிரி நீரைவிடக் கடுமையாகச் சுடுவது ஏன்? என் விளக்கம் சரியென்றால், பிரிக்கச் செலவான ஆற்றல் நீராவி திரும்ப நீராகும்போது வெளியே வர வேண்டும். 1 கிராம் நீராவி நீராகும்போது ஏறக்குறைய 2,260 ஜூல் வெளிவருகிறது. அந்த 1 கிராம் நீர் 100-லிருந்து உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு ஆற 63 × 4.2, அதாவது சுமார் 265 ஜூல். வெந்நீர் தருவது 265 மட்டும். நீராவி தருவது 2,525. ஒன்பது மடங்குக்கும் மேல். விளக்கம் தாக்குப்பிடித்தது.

இன்னொன்றை நீங்களே முயலுங்கள். 1 கிராம் பனிக்கட்டி உருக சுமார் 334 ஜூல்தான் தேவை. ஆவியாக்குவதைவிட இது ஏன் இவ்வளவு குறைவு? உருகிய பின்பும் மூலக்கூறுகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது மேலே உள்ள விளக்கத்திலிருந்தே உங்களுக்குத் தோன்றினால், அந்த இடம் கெட்டியாகிவிட்டது.

உவமை பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. "கைகோத்து நிற்பவர்களைப் பிரிப்பது போல" என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் அது எங்கே பொருந்தாமல் போகிறது என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். கையை விட்டவர்கள் பக்கத்திலேயே நிற்கலாம். நீராவியின் மூலக்கூறுகள் வெகுதூரம் விலகிப்போகின்றன. அந்த ஒரு வரியை எழுத வரவில்லையென்றால், உங்களுக்கு உவமை புரிந்திருக்கிறது, பாடம் இன்னும் புரியவில்லை.

படி 6: தேர்வு மொழிக்குத் திரும்புங்கள்

எளிய பேச்சுக்கு மதிப்பெண் கிடைக்காது. அசைவு "இயக்க ஆற்றல்" ஆக வேண்டும், பிடியிலிருந்து பிரிப்பது "நிலை ஆற்றல் அதிகரிப்பு" ஆக வேண்டும். இரண்டாவது பிரதியின் ஓரத்தில் அந்தந்தக் கலைச்சொல்லைக் குறித்து, மூன்று நான்கு வரியில் விடையாக எழுதிப் பாருங்கள்.

ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எல்லாப் பாடத்துக்கும் இது கட்டுப்படியாகாது, ஆண்டுகள், பெயர்ப் பட்டியல்கள் போன்ற மனப்பாடப் பகுதிகளுக்கு உதவவும் செய்யாது. காரண காரியம் உள்ள ஐந்தாறு கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். இரண்டு நாள் கழித்து வெற்றுத்தாளில், சிவப்பு வட்டம் விழுந்த பகுதியை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி உடைந்தால், தேர்வுக்கு முந்தைய நாள் படிக்க வேண்டிய பட்டியலில் அதை முதலில் எழுதிவையுங்கள்.