பத்து கிலோமீட்டர் என்று போர்டு வைத்தால் போதாது: ஓட்டப் பாதை அளப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று ஞாயிறுதோறும் எங்காவது ஓட்டப் போட்டி நடக்கிறது. பாதை அளக்கப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். ஃபார்மில் தேதி மாறுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஜிபிஎஸ் வாட்ச்

அதை வைத்து அளந்த பாதைக்குச் சான்றிதழ் கிடையாது.

காலையில் மட்டும் காலிபரேஷன்

அளப்பது சைக்கிளில்தான். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 23-க்குச் சற்று மேல் எண்ணும். ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். ஸ்டீல் டேப்பில் அளந்து வைத்த, 300 மீட்டருக்குக் குறையாத நேர்ச்சாலையில் நாலு தடவை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று முதலில் பிடிக்கிறோம், அதுதான் காலிபரேஷன். பாதையை அளந்து முடித்ததும் மறுபடி நாலு தடவை ஓட்ட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விடியற்காலைக் குளிரில் இருந்த டயர் ஒன்பது மணி வெயிலில் காற்று விரிந்து பருத்துவிடும், எண்ணிக்கை குறையும். அப்படி வரும் பிழை பாதையை நீளமாக்கும், அது பரவாயில்லை. சூட்டில் காலிபரேஷன் செய்துவிட்டு, போக்குவரத்து அடங்கட்டும் என்று ராத்திரி அளந்தால் பாதை குட்டையாகிவிடும். நடுவில் மழை பெய்து டயர் குளிர்ந்தாலும் இதே கதைதான்.

அரைச் சாலையை அளந்துவிட்டு முழுச் சாலையில் ஓட விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியை அளக்க வேண்டும். வளைவில் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிச் சைக்கிளை விட வேண்டும். விதி அவ்வளவுதான். உள்விளிம்பு எது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் 10 கிலோமீட்டர் ஓட்டம். 14 மீட்டர் அகலச் சாலை. மீடியன் கிடையாது, நடுவில் வெள்ளைக் கோடு மட்டும். பஸ் போக வலது பாதியை விட்டுவிட்டு இடது பாதியில் ஓட்டம் என்று ஏற்பாடு. அளந்தவரும் இடது பாதியை மட்டும் அளந்தார். வலப்பக்கம் திரும்பும் இரண்டு வளைவுகளில் நடுக்கோட்டை ஒட்டிப் போய், கோட்டில் கோன் வைக்க வேண்டும் என்று வரைபடத்திலும் குறித்தார். காகிதத்தில் தப்பே இல்லை.

போட்டியன்று ரோட்டில் வண்டியே இல்லை. கோன் கொண்டுவந்த தம்பி, "ஏனுங்க, பஸ்ஸே வரலைங்களே, இது எதுக்குங்க?" என்று வளைவில் இருந்ததை எடுத்து முடிவுக்கோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். முன்னால் ஓடியவர்கள் வலது ஓரத்தை ஒட்டி வெட்டிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வழி திறந்திருந்தது.

கணக்குப் பாருங்கள். வெட்டிப் போனவரின் வளைவு ஆரம் 7 மீட்டர் குறைவு. 90 டிகிரித் திருப்பத்துக்கு 7 × 1.57, அதாவது 11 மீட்டர் மிச்சம்; இரண்டு வளைவுக்கு 22 மீட்டர். அளவில் பிழை வந்தாலும் பாதை குட்டையாகாமல் இருக்க, கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாக முதலிலேயே சேர்த்துத்தான் போடுகிறோம். இங்கே அது 10 மீட்டர். அது முழுவதும் கரைந்து, மேலும் 12 மீட்டர் குறைந்தது. முதலில் வந்தவருக்கு 22 மீட்டர் என்பது நாலு வினாடி. நேரத்தை நீட்டிச் சரிசெய்ய வழியில்லை. பாதையை அளந்தபடி ஓட்டம் நடக்கவில்லை, அதனால் அன்று ஓடிய யாருடைய நேரமும் கணக்கில் சேரவில்லை.

1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலாசார் உலக சாதனை என்று ஓடிய பாதையைப் பிறகு அளந்தபோது 148 மீட்டர் போலக் குறைந்திருந்தது. அவ்வளவு பெரிய போட்டிக்கே அந்த நிலை.

கோன் நிற்கும் என்று உறுதியில்லையா? முழு அகலமும் திறந்திருப்பதாகவே வைத்து அளந்துவிடுங்கள். பிறகு யாராவது கோன் வைத்தால் ஓடுபவருக்குச் சில மீட்டர் கூடும், அவ்வளவுதான், ஓடிய நேரம் கணக்கில் சேரும். அரைச் சாலைதான் என்றால், அளந்தவரே வரைபடத்தோடு முன்னால் போகும் வண்டியில் ஏறி ஒவ்வொரு வளைவையும் பார்க்க வேண்டும். வேறு யாரையும் நம்பி விடாதீர்கள்.

கிழக்கே இறங்கும் பாதை

நொய்யல் போகும் பக்கம் சாலையும் இறங்கும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கினால், பாதைக்குச் சான்றிதழ் இருந்தாலும் சாதனை செல்லாது.

ஆணி அடித்தாயிற்று என்று விடுவது

சான்றிதழ் 5 ஆண்டு செல்லும், ஆனால் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்க முடிந்தால்தானே? புதுத் தார் போட்டால் ஆணியும் பெயின்ட்டும் அடியில் போய்விடும். பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் மதில் என்று அசையாத இரண்டு மூன்று இடங்களிலிருந்து டேப் பிடித்து எழுதி வையுங்கள். கரண்டுக் கம்பத்தின் நம்பரை மட்டும் எழுதாதீர்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது கம்பத்தையும் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார்கள்.