ஒரு வரைவு ஏன் இரண்டாகிறது, ஏன் காணாமல் போகிறது

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறார் என் அக்கா. வெள்ளம் வடிந்த கையோடு, உதவி தேவைப்பட்ட குடும்பங்களின் பட்டியலை ஈமெயிலாக எழுதத் தொடங்கினார். காலையில் லெப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற ஈமெயில் செயலியைத் திறந்து 42 குடும்பங்களின் விபரத்தை அடித்தார். மூடியை மடித்து வைத்துவிட்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார். விடுபட்ட 5 குடும்பங்கள் வழியில் நினைவுக்கு வர, போனில் அதே வரைவைத் திறந்து சேர்த்தார். பின்னேரம் வீட்டுக்கு வந்து லெப்டொப்பைத் திறந்தால், காலையில் விட்ட ஜன்னல் அப்படியே நின்றது. ஒரு பெயரில் இருந்த எழுத்துப் பிழையை அதில் திருத்தினார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, நான் ஒண்டுதான் எழுதினன். மறுகா பாத்தா ரெண்டு கிடக்கு.”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முடிவெடுத்துவிட்டார். நேரம் பிந்தியதுதான் புதியது என்று நினைத்து மற்றதை அழித்து, இருந்ததை அனுப்பிவிட்டார். போனது 42 குடும்பங்கள்தான்.

இது ஏன் நடந்தது என்று தெரிந்தால் தவறுகளும் தானாகவே தெரியும். தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் ஐமேப் என்ற முறையில் சர்வரோடு பேசுகின்றன. அந்த முறையில், சர்வரில் கிடக்கும் ஒரு கடிதத்தின் உள்ளே கைவைத்துத் திருத்த வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு தானியங்கிச் சேமிப்பின் போதும் முழுக் கடிதமும் புதிதாக ஒரு பிரதியாகச் சர்வரில் ஏறும். பிறகு பழைய பிரதி அழிக்கப்படும். ஏற்றுவது ஒரு வேலை, அழிப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் சிக்னல் போனால் இரண்டு பிரதியும் தங்கிவிடும்.

அக்காவுக்கு நடந்தது இன்னும் நுணுக்கமானது. போன் 47 குடும்பங்களுள்ள புதிய பிரதியை ஏற்றி, காலைப் பிரதியை அழித்துவிட்டது. லெப்டொப்பில் திறந்திருந்த ஜன்னலுக்கு அது தெரியாது. அதன் நினைவில் இருந்தது காலையில் எழுதியது மட்டும். தண்டர்பேர்ட் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிக்கும். எழுத்துப் பிழையைத் திருத்தியதும், அடுத்த சேமிப்பில் அந்த 42 பேர் பட்டியலைப் புதிய நேரத்தோடு ஏற்றியது. அது அழிக்கத் தேடிய காலைப் பிரதி ஏற்கெனவே இல்லை. போன் ஏற்றியது அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு.

முதல் தவறு, ஒரு கருவியில் எழுதும் ஜன்னலைத் திறந்தபடி விட்டு இன்னொன்றில் தொடர்வது. மூடியை மடித்தால் ஜன்னல் மூடாது. எழும்பும் முன் Ctrl+S அடித்து, எழுதும் ஜன்னலையே மூடுங்கள். போனில் தொடரும் முன், கடைசியாக எழுதிய வரி அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாவது, நேரத்தை நம்பி அழிப்பது. அந்த நேரம் எப்போது ஏற்றப்பட்டது என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருப்பது எவ்வளவு புதியது என்பதைச் சொல்லாது. இரண்டையும் திறந்து கடைசிப் பகுதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டையும் வேறொரு கோப்பில் ஒட்டி வைத்த பிறகு அழியுங்கள். அக்கா அழித்த பிரதி குப்பைப் பெட்டியில் கிடந்தது. 5 குடும்பங்களையும் அதிலிருந்து எடுத்து, திருத்திய பட்டியல் என்று தலைப்பிட்டு அன்றிரவே மறுபடி அனுப்பினோம். குப்பையைக் காலி செய்திருந்தால் அதுவும் இல்லை.

ஜிமெயிலின் சொந்தச் செயலியிலும் பிரவுசரிலும் எழுதுபவர்களுக்கு இரட்டிப்பு குறைவு. அங்கே ஒரு வரைவுக்கு ஒரே அடையாளம். உள்ளிருப்பதுதான் மாற்றி வைக்கப்படும். ஆனால் அதே பழைய ஜன்னல் அங்கே திறந்து கிடந்தால் கடைசியாகச் சேமித்தது முந்தியதன் மேல் ஏறிவிடும். கூகுள் டாக்ஸில் உள்ளது போல முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி ஜிமெயில் வரைவுக்கு இல்லை. என்னைக் கேட்டால் இரண்டு வரைவு கிடப்பதே மேல். எழுதியது எங்கேயாவது இருக்கும்.

லெப்டொப்பில் எழுதியது போனில் ஒரு நாளும் வரவில்லை என்றால் அது வேறு விஷயம். தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் Copies & Folders பகுதிக்குப் போய், வரைவு எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். Local Folders என்று இருந்தால் அது அந்த லெப்டொப்பை விட்டு வெளியே போவதே இல்லை. கணக்கின் Drafts பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். கணக்கை பாப் முறையில் சேர்த்திருந்தால் மாற்றியும் பயனில்லை. அந்த முறை வரைவுகளைச் சர்வருக்கு அனுப்பாது. கணக்கை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

அக்கா இப்போது பட்டியலை டாக்ஸில் எழுதி, அனுப்பும் நேரத்தில்தான் ஈமெயிலில் ஒட்டுகிறார்.